கெதியா வா, வாறன்: ஒரு சோடி மோதிரத்தின் உள்பக்கம்

கலியாண மோதிரத்துக்குள்ளே எழுத வேண்டும் என்று வருகிறவர்கள் எல்லோரும் வசனத்தோடு வருகிறார்கள், அளவோடு யாரும் வருவதில்லை. நான் திருகோணமலையில் ஒரு அச்சகத்தில் டிசைன் வேலை பார்க்கிறேன். அழைப்பிதழ் அடிக்க வருகிறவர்களில் சிலர் கடைசியில் இதையும் கேட்பார்கள்: "அண்ணா, மோதிரத்துக்கும் ஒரு வரி போட்டுத் தாங்கோவன், நகைக்கடையில தமிழ் எழுத்து இல்லையாம்." அப்படித்தான் இந்த வேலை என் மேசைக்கு வந்தது. இப்போது ஊரில் இரண்டு மூன்று பத்தர்மாரே ஆட்களை என்னிடம் அனுப்பிவிடுகிறார்கள்.

அண்மையில் செய்தது சித்தியின் மகளுக்கு, அதாவது எனக்குத் தங்கச்சிக்கு. கலியாணப் பதிவு எழுத்து அன்று மாற்றிக்கொள்ள இரண்டு மோதிரம். அவளுடையது இங்கேயே பத்தர் செய்யும் 22 கரட் மோதிரம். மாப்பிள்ளை டோஹாவில் வேலை. அவருடையதை அவருடைய அக்கா கனடாவில் ஒரு இணையக் கடையில் ஓடர் பண்ணி, கலியாணத்துக்கு வரும்போது கொண்டுவருவதாக ஏற்பாடு. அது 14 கரட் வெள்ளைத் தங்கம், உள்ளே லேசரால் எழுதித் தருவார்கள். ஒன்று கையால், ஒன்று லேசரால் என்று இரண்டு வழியும் ஒரே கலியாணத்தில் வந்ததால் இதை எழுதுகிறேன்.

தங்கச்சி கொண்டுவந்த வரி இது: "என் வாழ்வின் எல்லா நாட்களும் உன்னோடு". நல்ல வரிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. கனடாக் கடையின் படிவத்தில் 25 எழுத்து வரைதான் என்று போட்டிருந்தது. அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்திருக்கிறாள்: 18 எழுத்து, நடுவில் 4 இடைவெளி, மொத்தம் 22. ஆனால் ஒட்டிப் பார்த்தால் படிவம் ஏற்க மறுக்கிறது, நீளம் கூடிவிட்டதாம். அக்கா கனடாவிலிருந்து குரல் பதிவு மேல் குரல் பதிவாக அனுப்புகிறார், நீங்கள் எல்லோருமாகப் பிழையாக எண்ணுகிறீர்கள் என்று.

யாரும் பிழையாக எண்ணவில்லை. நாம் பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்து வேறு, படிவம் எண்ணும் எழுத்து வேறு. கணினிக்கு "க" ஒன்று, "கெ" இரண்டு. ககரம் ஒன்று, அதன் கொம்பு இன்னொன்று. "ன்" என்பதும் இரண்டுதான், னகரமும் புள்ளியும். ஆகவே தமிழில் எண்ணுவதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது: அ, உ போன்ற உயிரும் க, ட போன்ற அகரமேறிய எழுத்தும் ஒன்று, மற்ற எல்லாம் இரண்டு, இடைவெளி ஒன்று. ஸ்ரீ மாதிரியானவை இந்தக் கணக்குக்குள் வராது, அது மட்டும் நான்காக நிற்கும். இப்படி எண்ணினால் தங்கச்சியின் வரி 36. படிவம் சொன்னது சரி.

ஆனால் படிவத்தின் 25ஐ நான் பெரிதாக எடுப்பதில்லை. அது ஆங்கில எழுத்தை மனதில் வைத்துப் போட்ட எண். கடைக்கு மின்னஞ்சல் போட்டு, எழுத்தாகத் தராமல் கோட்டு வடிவமாகத் தரலாமா என்று கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். உண்மையான எல்லை மோதிரத்தில்தான் இருக்கிறது.

தங்கச்சியின் மோதிரத்தின் உள்விட்டம் 16.5 மில்லிமீற்றர். அப்படியென்றால் உள்ளே சுற்றளவு 51.8. பட்டை 4 மில்லிமீற்றர் அகலம், 1 மில்லிமீற்றர் தடிப்பு; அரைப் பவுணுக்குச் சற்றுக் குறைவாக வரும். 51.8 முழுவதும் எழுதலாம் என்று நினைக்கக்கூடாது. உள்ளே தர முத்திரை ஒன்று குத்த வேண்டும். அதோடு மோதிரத்தை வளைத்துப் பொருத்திய இடம் ஒன்று இருக்கிறது. நாளைக்கு விரல் பெருத்து மோதிரத்தைப் பெருப்பிக்க வேண்டி வந்தால் அந்த இடத்தில்தான் வெட்டித் துண்டு வைப்பார்கள். எழுத்து அங்கே ஓடினால் நடுவில் பிளந்துபோகும். இந்த இரண்டுக்கும் சேர்த்து 8 மில்லிமீற்றரை விட்டுவிடுங்கள். மிஞ்சுவது 44க்குக் கிட்ட.

இனி உயரம். தமிழுக்கு ஆங்கிலத்தை விடப் பெரிய சிக்கல் இதில்தான். 4 மில்லிமீற்றர் பட்டையில் இரண்டு விளிம்பிலும் முக்கால் மில்லிமீற்றர் விட்டால் எழுத இருப்பது 2.5. ஆங்கிலப் பெரிய எழுத்து அந்த 2.5ஐயும் நிரப்பி நிற்கலாம், மேலேயும் கீழேயும் அதற்கு ஒன்றும் கிடையாது. தமிழில் மேலே புள்ளியும் விசிறியும், கீழே சு, ற, த போன்றவற்றின் வால். இரண்டுக்கும் இடம் கொடுத்தபிறகு எழுத்தின் உடலுக்கு மிஞ்சுவது 1.4, மிஞ்சிப்போனால் 1.5. அந்த உயரத்தில் காலும் கொம்பும் சேர்த்து ஒரு தமிழ் எழுத்து சராசரியாக 2.4 மில்லிமீற்றர் அகலம் பிடிக்கும். தங்கச்சியின் 18 எழுத்துக்கு 43, இடைவெளிகளுக்கு 5, ஆக 48. இருப்பதோ 44. எழுத்தைச் சின்னதாக்கி நெருக்கி நுழைக்கலாம்தான். நுழைத்தால் வாசிக்க முடியாது.

இதை யாருக்கும் வாயால் சொல்லி விளங்கப்படுத்த முடியாது. நான் செய்வது, வரியைச் சரியான அளவில் ஒரு மெல்லிய கடதாசிப் பட்டையில் அச்சடித்து (எழுத்துருவைப் பொறுத்து 7 அல்லது 8 பொயின்ற் வரும்), வெட்டி, அதே அளவான பழைய மோதிரம் ஒன்றுக்குள்ளே வளைத்து வைத்துக் கையில் கொடுத்துவிடுவேன். தங்கச்சி அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வாழ்வின்" என்பதில் இருந்த புள்ளிகள் இரண்டும் அவளுக்குத் தெரியவேயில்லை. "கடதாசியிலேயே தெரியேல்லை, தங்கத்தில எப்பிடித் தெரியும்?" என்றாள். அதற்குப் பிறகு நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

புள்ளியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். இந்த அளவில் ஒரு புள்ளி கால் மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு குத்து, அவ்வளவுதான். சவர்க்காரமும் பவுடரும் உடம்பு எண்ணெயும் முதலில் போய் அடைப்பது அதைத்தான். தேய்மானத்தில் முதலில் காணாமல் போவதும் அதுதான். கோடு தேய்ந்தாலும் கோட்டின் தடமாவது இருக்கும், புள்ளி போனால் போனதுதான். அதனால் இரண்டு வரியில் எது என்று தடுமாறுகிறவர்களுக்கு நான் புள்ளி குறைந்ததை எடுக்கச் சொல்வேன். தங்கச்சியின் முதல் வரியில் ஏழு புள்ளி. அடுத்தது சுழி. ன, ண இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு சுழி, 1.4 மில்லிமீற்றரில் அந்தச் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி அடைந்துவிடும். பெயரில் ணகரம் இருக்கிறவர்களிடம் நான் பட்டையைக் கொஞ்சம் அகலமாக எடுக்கச் சொல்லிவிடுவேன்.

சரி, வரி. இடம் இல்லை என்று தெரிந்ததும் எல்லோரும் முதலில் போகும் இடத்துக்குத்தான் இவளும் போனாள்: "என்றும் உன்னோடு". எட்டு எழுத்து, அழகாக நுழையும். எனக்கு அதில் ஒரு சலிப்பு. நான் அச்சடித்த அழைப்பிதழ்களில் பாதிக்கு மேல் அந்த இரண்டு சொல்லும் எங்காவது ஒரு மூலையில் இருக்கும். வெளியே ஊருக்குக் காட்டுவதற்கு அது போதும். உள்ளே எழுதுவதை வாசிக்கப் போகிறவர்கள் இரண்டே பேர். அவர்களுக்கு விளங்கினால் போதும் என்ற சலுகை இருக்கும்போது ஏன் எல்லோருக்கும் விளங்குவதை எழுத வேண்டும்? எழுவாயும் பயனிலையும் முழுசாக நிற்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை.

அடுத்து திகதி போடலாமா என்று கேட்டாள். போடலாம், ஆனால் எந்தத் திகதி? எழுத்து ஒரு நாள், தாலி கட்டு இன்னொரு நாள். அதோடு, எழுதுவது நாள் வருவதற்கு முன்னால். 2020 மார்ச்சில் நாடு முழுக்க ஊரடங்கு போட்டபோது, திகதி பொறித்த மோதிரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கலியாணம் தள்ளிப்போன ஆட்கள் இருந்தார்கள். பொறித்ததை அழிப்பதென்றால் அந்த ஆழத்துக்குச் சுற்றிவர அராவி மினுக்க வேண்டும். 1 மில்லிமீற்றர் தடிப்புள்ள மோதிரத்தில் அது சின்ன இழப்பில்லை. திகதி வேண்டும் என்று நிற்கிறவர்களிடம், கலியாணம் முடிந்தபிறகு கொண்டுவந்து போடுங்கள் என்பேன்.

நான் அவளிடம் கேட்டது ஒன்றுதான்: இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் அடிக்கடி சொல்வது என்ன? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சிரித்தாள். போனை வைக்கும்போது அவர் சொல்வது "வாறன்". இவள் சொல்வது "கெதியா வா". டோஹாவுக்கும் உப்புவெளிக்கும் இடையில் இத்தனை காலமாக ஓடிக்கொண்டிருந்த சங்கதி இவ்வளவுதான். அப்புறம் பேச்சு நீளவில்லை. அவள் சொன்னது அவர் மோதிரத்துக்குள், அவர் சொன்னது அவள் மோதிரத்துக்குள்.

பெரியம்மாவுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. "மாப்பிள்ளையை வா போ எண்டோ எழுதுறது? வாங்கோ எண்டு போடு." தங்கச்சி ஆட்களுக்கு முன்னால் அவரை "வாங்கோ" என்றுதான் கூப்பிடுவாள், போனில் "வா". மோதிரத்தின் உள்பக்கம் போன் மாதிரி, ஆட்களுக்கு முன்னால் இல்லை என்று நான் சமாளித்துப் பார்த்தேன். பெரியம்மா சமாதானமாகவில்லை. வாசிக்கப் போவது நீங்கள் இல்லையே என்று சித்தி சொன்னதும்தான் அடங்கினார்.

எனக்கோ தொழில் முறையிலும் அது நல்ல தெரிவு. "கெதியா வா" என்பதில் ஒரு புள்ளிகூட இல்லை, படிவக் கணக்கிலும் ஒன்பதுதான். "வாறன்" ஐந்து, ஒரே ஒரு புள்ளி.

அக்கா "கெதியா வா"வைக் கனடாக் கடையின் படிவத்தில் ஒட்டினார், ஏற்றுக்கொண்டது. அடுத்த நாள் மாதிரிப் படம் வந்தது. அதில் ககரம் முதலில் நிற்க, கொம்பு அதற்குப் பின்னால் தகரத்தோடு ஒட்டி நின்றது. வாசித்தால் "கதெியா வா". தமிழ் தெரியாத ஒருவருக்கு அது பிழை என்று தெரிய வழியில்லை. எல்லா உறுப்பும் இருக்கிறதே. காரணம் இதுதான்: யுனிகோட்டில் "கெ"யைச் சேமிக்கும்போது ககரம் முன்னால், கொம்பு பின்னால்தான் இருக்கும். அதை எடுத்து முன்னால் வைத்துக் காட்டுவது எழுத்தைக் காட்டும் மென்பொருளின் வேலை. கைத்தொலைபேசி அதைச் செய்யும், பொறிக்கும் மெசினோடு வரும் மென்பொருள் பல செய்யாது. கெ, கே, கை, கொ, கோ, கௌ எல்லாம் இந்த ஆபத்துக்கு உட்பட்டவை. மாதிரிப் படத்தில் முதலில் இவற்றைப் பாருங்கள். அதோடு புள்ளி எழுத்தின் தலைக்கு மேல் நிற்கிறதா, பக்கத்தில் தள்ளி நிற்கிறதா என்றும் பாருங்கள். மாதிரிப் படம் தராத கடையில் தமிழில் எழுதக் கொடுக்காதீர்கள்.

திருத்துவது கடினமில்லை. வரியை இங்க்ஸ்கேப்பில் அடித்து, சரியாகத் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டு, `Path > Object to Path` கொடுத்தால் எழுத்து எழுத்தாக இருக்காது, வெறும் கோட்டு வடிவமாகிவிடும். அதை SVG ஆகவோ PDF ஆகவோ அனுப்பினால் அங்கே எந்த எழுத்துரு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். நான் அப்படி அனுப்பினேன், அடுத்த மாதிரிப் படம் சரியாக வந்தது.

இந்த இடத்தில் பாமினி என்ற பழைய எழுத்துருவைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லவேண்டும், நம்மூர் அச்சகங்களில் அதைத் திட்டாத நாளில்லை என்றாலும். பாமினியில் அடித்ததை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் "வாறன்" `thwd;` என்று நிற்கும், "கெதியா வா" `nfjpah th` என்று நிற்கும். அப்படியே பொறித்துவிட்டால் கதை முடிந்தது. ஆனால் பாமினியில் கொம்பைக் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே முதலில் அடிக்கிறோம், அந்த `n`தான் கொம்பு. யாரும் எதையும் எடுத்து முன்னால் வைக்கத் தேவையில்லை. ஆகவே எழுத்துருவை ஏற்றிக்கொள்ளக்கூடிய பழைய மெசினில், யுனிகோட் உடைகிற இடத்தில் பாமினி சொன்னபடி வேலை செய்யும்.

தங்கச்சியின் மோதிரத்துக்கு இந்தக் கரைச்சல் எதுவும் இல்லை, பத்தர் கையால் வெட்டுகிறவர். மோதிரத்தை முதலில் முழுசாக மினுக்கிவிட்டுத்தான் எழுதுவார், எழுதியபிறகு மினுக்கினால் எழுத்தின் ஓரம் மழுங்கும் என்பதால். உள்ளே மெல்லியதாக வெள்ளை பூசி, என் கடதாசிப் பட்டையைப் பார்த்து ஊசியால் கீறிக்கொள்வார். பிறகு மோதிரத்தை மரப் பிடியில் இறுக்கி, நுனி வளைந்த சிற்றுளியால் தள்ளித் தள்ளி வெட்டுவார். வெளியே தட்டையான இடத்தில் வளைவு வெட்டும்போது உளியை அப்படியே பிடித்துக்கொண்டு வேலையைத் திருப்பலாம். மோதிரத்துக்குள்ளே திருப்ப இடம் கிடையாது. ஆகவே ஒவ்வொரு வளைவும் சின்னச் சின்ன நேர்வெட்டுகளாகத்தான் விழும். "ஆங்கிலம் எண்டா ரெண்டு கோடு போட்டு முடிக்கலாம் தம்பி, எங்கட எழுத்து முழுக்கச் சுழியெல்லோ" என்றார். னகரத்தின் சுழி இரண்டையும் கொஞ்சம் திறந்து வரைந்து தரச் சொன்னார், நான் மாற்றிக் கொடுத்தேன். அச்சில் பார்த்தால் அந்த ன அசிங்கமாக இருக்கும், தங்கத்தில் அதுதான் தெளிவாக இருந்தது.

உளி தங்கத்தை வெட்டி எடுக்கிறது, அதனால் வெட்டு ஆழமாகவும் உள்ளே பளபளப்பாகவும் இருக்கும். பத்தில் ஒரு மில்லிமீற்றர் ஆழம் இருந்தாலே 22 கரட்டில் நெடுநாள் நிற்கும். 22 கரட் மென்மை, விரலோடு உரசி உரசித் தேயக்கூடியது, ஆழம் இல்லாத எழுத்து அதில் தங்காது. லேசரில் ஒரே ஓட்டமாக விட்டுவிட்டால் மேலோட்டமான ஒரு கறுப்புத் தடம்தான் விழும். திரும்பத் திரும்ப ஓடவிட்டு ஆழமாக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். மாப்பிள்ளையின் மோதிரம் 14 கரட், தேய்மானம் குறைவு. ஆனால் அது உள்பக்கம் லேசாகப் புடைத்த மொடல், விரலில் படுவது நடுப்பகுதி, எழுத்து நிற்பதும் அதே நடுப்பகுதி. அதனால் அதற்கும் ஆழமாகவே கேட்டோம்.

அவருடைய உள்விட்டம் 19, சுற்றளவு ஏறக்குறைய 60, "கெதியா வா"வோ ஒன்றரைச் சென்ரிமீற்றருக்குள் முடிந்துவிடும். மிச்ச இடத்தைப் பார்த்துவிட்டு அக்காவுக்கு ஆசை: இரண்டு இதயம் போடலாமாம், முடிவிலிக் குறி போடலாமாம், கடையில் இலவசமாம். தங்கச்சி வேண்டாம் என்றுவிட்டாள். இடம் இருக்கிறது என்பதற்காக எழுத்தைப் பெரிதாக்கவும் முடியாது, உயரம் விடாது.

வெள்ளைத் தங்கத்துக்கு மேலே ரோடியம் பூசியிருப்பார்கள். சில வருடங்களில் அது மங்கித் திரும்பப் பூசக் கொடுக்க வேண்டி வரும். பூசுவதற்கு முன் மோதிரத்தை மினுக்குவார்கள், அப்போது உள்பக்கத்தையும் சேர்த்து மினுக்கினால் எழுத்து ஒரு படி மெலியும். கொடுக்கும்போதே உள்ளே கை வைக்க வேண்டாம் என்று பில்லில் எழுதுவித்துக்கொள்ளச் சொல்லி அவரிடம் சொல்லியிருக்கிறேன். தங்கச்சிக்கு, இளஞ்சூட்டுத் தண்ணீரும் மெல்லிய பற்தூரிகையும் போதும், ஊசியால் குத்திக் கிண்டாதே என்று.